'பரவாயில்லை'யை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? வெளிநாட்டுப் பெற்றோருக்கான ரிப்போர்ட் கார்டு குறிப்புகள்

கேள்வி: எங்கள் பள்ளி சென்னைப் புறநகரில் இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் கொரியப் பிள்ளைகள் சிலர் படிக்கிறார்கள். தமிழ் மிஸ் ரிப்போர்ட் கார்டில் தமிழில் எழுதித் தருவதை நான் ஆங்கிலமாக்கி பெற்றோருக்கு அனுப்ப வேண்டும். உள்ளதை உள்ளபடி மாற்றினால் அவர்களுக்குப் புரியவில்லை; சிலர் பதறிப்போய் போன் செய்கிறார்கள். எப்படி எழுதுவது?

பதில்:

கோளாறு உங்கள் ஆங்கிலத்தில் இல்லை. நம் ரிப்போர்ட் கார்டு வாசகம் பாதியைத்தான் சொல்லும். "விளையாட்டுத்தனம் அதிகம், வீட்டில் கவனிக்கவும்" என்று எழுதினால், நம் ஊர் அம்மாவுக்கு மிச்சம் தானாக விளங்கிவிடும். பையன் கெட்டிக்காரன்தான், பாடம் நடக்கும்போது பின்னால் திரும்பிப் பேசுகிறான், சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. இவ்வளவும் அவர் தான் படித்த பள்ளியிலிருந்து கொண்டுவந்த அறிவு. சோல் நகரத்திலிருந்து வந்த அம்மாவிடம் அது இல்லை. எழுதாமல் விட்ட அந்தப் பாதியை ஆசிரியரிடம் கேட்டு வாங்காமல் பேனாவைத் தொட்டால், என்ன ஆங்கிலம் எழுதினாலும் போன் வரத்தான் செய்யும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டத்தால்தான் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடமானது. சிபிஎஸ்இ பள்ளிகளுக்கு அது பின்னால் வந்தது. அந்தப் பெற்றோர் விரும்பித் தேர்ந்த பாடமாக இது இருக்க வேண்டியதில்லை. அவர்களால் தமிழில் ஓர் எழுத்துகூடப் படிக்க முடியாது. பெரும்பாலும் ஆங்கிலமும் அவர்களுக்கு இரண்டாம் மொழிதான். எனவே நீங்கள் எழுதும் ஆங்கிலம் அழகாக இருப்பதைவிட, ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி என்று குட்டையாக இருப்பது முக்கியம்.

ஒரு குறிப்பை எடுத்துக்கொண்டு வரிவரியாகப் பார்ப்போம். தமிழ் ஆசிரியர்கள் வழக்கமாக எழுதும் மாதிரியில் இது:

"எழுத்துகளை அறிந்து வாசிக்கிறார். மெய்யெழுத்துகளை விட்டுவிட்டு எழுதுகிறார். ல, ள வேறுபாடு தெரியவில்லை. கவனக்குறைவு உண்டு. விளையாட்டுத்தனம் அதிகம். சந்தேகம் கேட்பதில்லை. மொத்தத்தில் பரவாயில்லை. வீட்டில் கவனிக்கவும்."

முதல் வரியே இரண்டு விதமாகப் பொருள்படும். எழுத்துக்கூட்டி வாசிக்கிறானா, சரளமாக வாசிக்கிறானா? "நோஸ் லெட்டர்ஸ் அண்ட் ரீட்ஸ்" என்று மாற்றிவிட்டால், பையன் கதைப் புத்தகம் படிக்கிறான் என்று பெற்றோர் மகிழ்ந்துபோவார்கள். அடுத்த பருவத்தில் மதிப்பெண்ணைப் பார்த்துக் குழம்புவார்கள். ஆசிரியரிடம் கேட்டால் "ரெண்டெழுத்து, மூணெழுத்து வார்த்தையெல்லாம் பார்த்ததும் சொல்லிடறான், அதுக்கு மேல போனா கூட்டித்தான் படிக்கிறான்" என்பார். அதுதான் செய்தி. "ஹி ரீட்ஸ் ஷார்ட் வேர்ட்ஸ் அட் ஒன்ஸ், ஹி சவுண்ட்ஸ் அவுட் லாங்கர் வேர்ட்ஸ் லெட்டர் பை லெட்டர்" என்று எழுதினால் போதும்.

இரண்டாவது வரியில் ஒரு பொறி இருக்கிறது. மெய்யெழுத்து என்றால் 'கான்சனன்ட்' என்று அகராதி சொல்லும், இலக்கணப்படி சரியும்கூட. ஆனால் பையன் 'கான்சனன்ட்'களை விட்டுவிட்டு எழுதுகிறான் என்று படிக்கும் வெளிநாட்டுக்காரருக்கு, ஒரு சொல்லில் உயிரொலிகளை மட்டும் எழுதி வைக்கிறான் என்றே தோன்றும். நாம் இங்கே மெய் என்று சொல்வது புள்ளி வைத்த எழுத்தை மட்டும். 'க', 'ட' எல்லாம் நம் கணக்கில் உயிர்மெய். அவர்கள் கணக்கில் அவற்றுக்குள்ளும் 'கான்சனன்ட்' உண்டு. ஆகவே இலக்கணப் பெயரை விட்டுவிட்டுக் கண்ணில் படுவதைச் சொல்லுங்கள்: மேலே புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிடுகிறான். 'டாட்டட் லெட்டர்' என்றாலே போதும்.

இங்கே நோட்டைத் திறந்து பார்த்து ஓர் எடுத்துக்காட்டு எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சொல்வதை எழுதுதல் பயிற்சியில் 'பட்டம்' என்று சொன்னதற்கு 'படம்' என்று எழுதியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு 'ட்' விடுபட்டதில் காற்றாடி ஓவியமாகிவிட்டது. இதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லலாம்: புள்ளி எழுத்து ஒன்றை விட்டதால், காற்றாடியைக் குறிக்கும் சொல் ஓவியத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. தமிழே தெரியாத அப்பாவுக்கும் பிழையின் எடை உடனே புரியும். கூடவே எத்தனைக்கு எத்தனை என்று ஆசிரியரிடம் ஓர் எண் வாங்குங்கள். பத்துச் சொல்லில் நான்கில் விடுகிறான் என்பது செய்தி. "அடிக்கடி விடுகிறான்" என்பதை ஒருவர் எட்டு என்று நினைப்பார், இன்னொருவர் இரண்டு என்று நினைப்பார்.

ல, ள வரிக்கும் இதே வழிதான். தமிழ் எழுத்தையே ஆங்கிலக் குறிப்பில் ஒட்டி வைப்பதால் பயனில்லை. ஒலிகளை 'எல்' என்றும் 'ரெட்ரோஃப்ளெக்ஸ் எல்' என்றும் பிரித்துக் காட்டினால் மொழியியல் படித்தவருக்குத்தான் விளங்கும். 'பல்லி', 'பள்ளி' என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டு, தமிழில் 'எல்' போல ஒலிக்கும் எழுத்துகள் ஒன்றுக்கு மேல் உண்டு, அவற்றில் இரண்டை மாற்றி எழுதுகிறான், பள்ளிக்கூடம் என்று எழுத வேண்டிய இடத்தில் வீட்டுப் பல்லியை எழுதுகிறான் என்று சொல்லுங்கள். ல, ள என்று ஆசிரியர் குறிப்பிட்டது வாசிப்பிலா, எழுத்திலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உச்சரிப்பு வராதது வேறு. கேட்டதை எழுத்தில் பிரிக்கத் தெரியாதது வேறு.

கொரிய மொழியில் ரகர லகர இனத்தில் ஒரே ஒரு ஒலியன்தான் உண்டு. சொல்லுக்குள் வரும் இடத்தைப் பொறுத்து அது ர போலவும் ல போலவும் ஒலிக்கும். அதனால் தமிழின் ர, ற, ல, ள, ழ அத்தனையும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரே கூட்டமாகக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் இது உங்களுக்குத் தெரியும் என்பதற்காக மொழிபெயர்ப்பில் நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் ஒத்துக்கொண்டு "இந்த வயதில் இது எதிர்பார்த்ததே" என்று சேர்க்கச் சொன்னால் சேர்க்கலாம். குறிப்பு அவருடையது, கையெழுத்தும் அவருடையது.

அடுத்தது, பதறிய போன்களில் பாதிக்காவது காரணமாக இருக்கக்கூடிய சொல்: கவனக்குறைவு. கவனம் என்றால் 'அட்டென்ஷன்', குறைவு என்றால் 'டெஃபிசிட்'. இரண்டையும் ஒட்டினால் ஆங்கிலத்தில் அது ஒரு மருத்துவக் கோளாற்றின் பெயர். நம் ஆசிரியர் சொல்ல வந்ததோ, அவசரத்தில் கடைசிக் கேள்வியை எழுத மறந்துவிட்டான், அல்லது எழுதியதைத் திரும்பிப் படிக்காமல் கொடுத்துவிட்டான் என்பதுதான். 'கேர்லெஸ்' என்று போடுவதும் பலருக்குக் கடுமையாகப் படும். நடந்ததை மட்டும் எழுதுங்கள்: "ஹி ஹேண்ட்ஸ் இன் ஹிஸ் வொர்க் வித்தவுட் செக்கிங் இட்." இதே வகையில் 'துறுதுறு' என்பதை 'ஹைப்பர்ஆக்டிவ்' ஆக்குவதும், 'மந்தம்' என்பதை 'ஸ்லோ லேர்னர்' ஆக்குவதும் ஆபத்து. இவை ஆங்கிலத்தில் நிபுணர் சோதித்துச் சொல்லும் தீர்ப்பு போல ஒலிக்கும். ஆசிரியருக்கு உண்மையிலேயே அப்படி ஒரு சந்தேகம் இருந்தால், அது ரிப்போர்ட் கார்டில் ஒரு வரியாகப் போக வேண்டிய விஷயமே இல்லை. பெற்றோரை நேரில் அழைத்துப் பேச வேண்டியது. அந்த வரியை மொழிபெயர்க்காமல் ஆசிரியரிடமும் வகுப்புப் பொறுப்பாளரிடமும் திருப்பிக் கொண்டுபோங்கள்.

விளையாட்டுத்தனத்தில் தவறு எதிர்த் திசையில் நடக்கும். 'ப்ளேஃபுல்' என்று எழுதினால் அது பாராட்டு. கலகலப்பான பிள்ளை என்று சொல்லியிருக்கிறார்கள் என்று பெற்றோர் சந்தோஷப்படுவார்கள். புகார் போய்ச் சேராது. 'சுட்டி' என்பதில் இதற்கு நேர்மாறு: செல்லமாகச் சொன்னதை 'நாட்டி' என்று போட்டால் குற்றச்சாட்டாகிவிடும். 'அமைதியானவள்' இன்னும் நுட்பமானது. நம் வகுப்பறையில் அது நற்சான்று. 'க்வயட்' என்று படிக்கும் வெளிநாட்டுப் பெற்றோர் பலர், பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லையோ, தோழிகள் இல்லையோ என்று கவலைப்படுவார்கள். குணத்துக்குப் பெயர் வைக்கும் சொல் வந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் செயலைக் கேளுங்கள். "என்ன பண்றான்?" என்று ஒரே கேள்விதான். "பாடம் நடத்தும்போது பக்கத்துப் பையன் பென்சில் பாக்ஸை எடுத்து விளையாடிட்டே இருப்பான்" என்று பதில் வரும். பென்சில் பாக்ஸை எழுத வேண்டாம். பாடம் நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு விளையாடுகிறான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பாடத்துக்குத் திரும்பிவிடுகிறான் என்று எழுதலாம். பின்பாதியையும் ஆசிரியர் சொன்னால்தான் எழுத வேண்டும். சொன்னால் அது விலைமதிப்புள்ள தகவல்.

'சந்தேகம் கேட்பதில்லை' என்பதை நம்மில் பலர் யோசிக்காமல் 'டஸ் நாட் ஆஸ்க் டவுட்ஸ்' என்று எழுதிவிடுவோம். இது இந்திய ஆங்கிலம். நமக்குள் பழுதில்லை. வெளியாருக்கு 'டவுட்' என்றால் அவநம்பிக்கை. புரியாததைக் கேட்பதில்லை என்பதற்கு 'க்வெஸ்சன்ஸ்' என்ற சொல்தான் சரி. 'பை-ஹார்ட்' பண்ணுகிறான் என்பதும் இதே ரகம். 'மெமரைஸ்' அல்லது, ஒப்புவிக்கிறான் என்றால் 'ரிசைட்' என்று போடுங்கள். செய்யுளைப் பார்க்காமல் சொல்வதும் பொருள் புரிந்து சொல்வதும் வேறு வேறு என்பதால், எது நடக்கிறது என்று அங்கேயும் கேட்டுவிடுவது நல்லது.

இனி பரவாயில்லை. தமிழில் இதைவிட வழுக்கும் சொல் கிடையாது. முகத்தைப் பார்த்துச் சொன்னால் 'எதிர்பார்த்ததைவிட நன்று' என்றும் பொருள்படும், 'ஏதோ ஓடுகிறது' என்றும் பொருள்படும், 'சொல்லிப் பயனில்லை, விடுங்கள்' என்றும்கூடப் பொருள்படும். தாளில் முகம் இல்லை. 'நாட் பேட்' என்று எழுதினால் சிலருக்கு அது இகழ்ச்சியாகப் படும். கார்டிலேயே தர விளக்கம் அச்சாகியிருக்கும் அல்லவா, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பரவாயில்லை என்றால் இந்த அட்டவணையில் எந்தப் படி என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் காட்டும் படிக்கு அச்சில் உள்ள ஆங்கிலச் சொல்லையே போடுங்கள், புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டாம். மதிப்பெண் கட்டத்தில் 'பி1' இருந்து, குறிப்பில் 'வெரி குட்' என்று வந்தால் பெற்றோர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இப்படி ஒருமுறை தீர்மானித்த சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்: நன்று, மிக நன்று, பரவாயில்லை, முன்னேற்றம் தெரிகிறது, முன்னேற்றம் தேவை. முப்பது வரி தேறினால் ஒரு வருடத்துக்கான குறிப்புகளில் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும். ஒரே சொல்லுக்கு முதல் பருவத்தில் 'ஃபேர்' என்றும் இரண்டாம் பருவத்தில் 'சாட்டிஸ்ஃபேக்டரி' என்றும் போட்டால், பிள்ளை ஏறினானா இறங்கினானா என்று பெற்றோர் அகராதி புரட்டிக்கொண்டிருப்பார்கள். 'முன்னேற்றம் தெரிகிறது' என்பதும் 'முன்னேற்றம் தேவை' என்பதும் அவசரத்தில் இரண்டுமே 'இம்ப்ரூவ்மென்ட்' ஆகிவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; ஒன்று பாராட்டு, ஒன்று எச்சரிக்கை.

கடைசி வரியான 'வீட்டில் கவனிக்கவும்' என்பதுதான் பெற்றோர் உண்மையில் தேடும் வரி. அதுதான் வழக்கமாக மிக மோசமாக மாறி வரும். 'டேக் கேர் அட் ஹோம்' என்றால் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன மாதிரி. 'பேரன்ட்ஸ் மஸ்ட் பே அட்டென்ஷன்' என்றால் நீங்கள் பிள்ளையைக் கவனிப்பதே இல்லை என்று திட்டிய மாதிரி. நம் 'வேண்டும்' கெஞ்சலுக்கும் வரும், கட்டளைக்கும் வரும். 'மஸ்ட்' அப்படி வளையாது. தமிழில் எழுவாய் இல்லாமல் 'பயிற்சி செய்ய வேண்டும்' என்று முடித்துவிடலாம். யார் செய்ய வேண்டும், பிள்ளையா, பெற்றோரா, ஆசிரியரேயா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த ஆளை எழுவாயாக வைத்து எழுதுங்கள்.

தமிழ் தெரியாத அம்மா அப்பாவால் வீட்டில் என்னதான் செய்ய முடியும்? இதை ஆசிரியரிடம் நேராகவே கேட்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அவர் நம் ஊர்ப் பெற்றோரை நினைத்துத்தான் அந்த வரியை எழுதியிருப்பார். செய்யக்கூடியது உண்டு. தினமும் பத்து நிமிடம் பையன் பாடத்தை உரக்க வாசிக்க, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும், சரிபார்க்க வேண்டியதில்லை. ஐந்து சொற்களைப் பார்த்து எழுதச் சொல்லி, புத்தகத்தில் உள்ள புள்ளிகளையும் அவன் எழுதியதில் உள்ள புள்ளிகளையும் எண்ணிப் பார்க்கச் சொல்லலாம். அதற்குத் தமிழ் தெரிய வேண்டாம், கண் இருந்தால் போதும். ஆசிரியர் இதற்குச் சம்மதித்தால் ஆங்கிலக் குறிப்பின் கடைசி இரண்டு வாக்கியங்கள் இவைதான்.

இப்படி எழுதும்போது எட்டுக் குட்டித் தமிழ் வாக்கியம் பத்துப் பன்னிரண்டு ஆங்கில வாக்கியமாகிவிடும், கட்டத்துக்குள் அடங்காது. அடங்கவில்லை என்று எடுத்துக்காட்டுகளை வெட்டிவிட்டு 'குட்', 'நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' என்று சுருக்காதீர்கள். தனித்தாளில் எழுதி கார்டோடு இணையுங்கள். இடம் இல்லாவிட்டால் ஆசிரியரிடம் எது முக்கியம் என்று கேட்டு மூன்று செய்தியோடு நிறுத்துங்கள்: எது வருகிறது, எது வரவில்லை, வீட்டில் என்ன செய்வது. மேலே உள்ள குறிப்பில் அது சிறிய சொற்களை வாசிப்பது, புள்ளி எழுத்து, பத்து நிமிட வாசிப்பு.

சின்ன விஷயங்களில் பெரிய சங்கடம் வரும் இடங்கள் சில உண்டு. 'வாசிக்கிறார்' என்று மரியாதைப் பன்மையில் எழுதியிருந்தால் ஆணா பெண்ணா தெரியாது. கொரியப் பெயர்களில் பல இருபாலுக்கும் வரும். பெயரைப் பார்த்து ஊகித்து 'ஹி' போட்டுவிட்டு அது பெண் குழந்தையாக இருந்தால், மீதிக் குறிப்பை யாரும் நம்ப மாட்டார்கள். பெயரையும் தமிழிலிருந்து திருப்பி ஆங்கில எழுத்தாக்கக் கூடாது. நம் 'ப' அவர்கள் பாஸ்போர்ட்டில் எந்த எழுத்தாகவும் இருக்கலாம். 'க' அதைவிட மோசம். சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை எழுத்து பிசகாமல் எடுத்துப் போடுங்கள். தேதியில் மாதத்தை எண்ணாகப் போடாமல் பெயராக எழுதுங்கள். கொரியாவில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை. 'பருவம்' என்பது 'டெர்ம்', 'வருகை' என்பது 'அட்டெண்டன்ஸ்', 'ஒழுக்கம்' என்பது 'கண்டக்ட்'. வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்று கார்டில் வந்தால் 'ஃபார்மேட்டிவ்', 'சம்மேட்டிவ்' என்ற பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முடித்த பிறகு ஐந்து நிமிடம் ஆசிரியரோடு உட்காருங்கள். தமிழ்க் குறிப்பை மூடி வைத்துவிட்டு, உங்கள் ஆங்கிலத்தைப் பார்த்து வாய்விட்டுத் தமிழில் சொல்லுங்கள்: "பையன் சின்ன வார்த்தையைப் பார்த்ததும் வாசிக்கிறான், புள்ளி எழுத்தை விடுகிறான், பத்துல நாலு..." அவர் "ஆமா, ஆமா" என்று தலையாட்டினால் சரி. "இல்ல மிஸ், அவ்வளவு மோசம்னு நான் சொல்லலியே" என்று நிறுத்தும் இடம்தான் போன் வரக்கூடிய இடம். அங்கே திருத்துங்கள். தாளின் அடியில், இது தமிழ் ஆசிரியரின் குறிப்பு, மொழிபெயர்ப்பு மட்டும் இன்னார் என்று ஒரு வரி போட்டு, தமிழ் மூலத்தின் நகலையும் இணைத்துவிட்டால் பின்னால் பேச்சு வராது.

இவ்வளவும் பள்ளி தானே பெற்றோருக்குச் சொல்லும் குறிப்புகளுக்குத்தான். அந்தக் குடும்பம் ஊர் திரும்பி வேறு பள்ளியில் சேர்க்க, அல்லது தூதரகத்தில் காட்ட, பழைய கார்டை மொழிபெயர்த்துக் கேட்டால் கதை வேறு. அங்கே கேட்டு விளக்கவோ மென்மையாக்கவோ உங்களுக்கு இடமில்லை. ஆசிரியர் 'மந்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதற்கு நேரான சொல்லைத்தான் போட வேண்டும். முத்திரை, அடித்தல் திருத்தல் எங்கே இருக்கிறது என்பதையும் குறிக்க வேண்டும். அந்த மாதிரிக் கோரிக்கை வந்தால் முதலில் எந்த அலுவலகம் கேட்கிறது, சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டுமா என்று பெற்றோரிடம் எழுத்தில் கேட்டுவிட்டு, வேண்டுமென்றால் சான்றளிக்கும் தகுதி உள்ள மொழிபெயர்ப்பாளரிடம் அனுப்பிவிடுங்கள்.